எட்டு மெஷின், மூன்று பேட்ச், விட்டுப்போன வகுப்புகள்

கேள்வி: அக்கா, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ரவிக்கை தைக்கக் கற்றுக்கொடுக்கும் 10 வார வகுப்பு நடத்துகிறேன். செவ்வாய் மாலை, வியாழன் மாலை, சனி காலை என்று மூன்று பேட்ச். மெஷின் 8 தான், மூன்றும் நிரம்பிவிடும். வர முடியாதவர்கள் வேறு நாளில் வரட்டுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். சரி என்றால் ஒன்பது பேர், பத்துப் பேர் வந்து நிற்கிறார்கள். முடியாது என்றால் காசு கட்டியிருக்கிறோமே என்கிறார்கள். 2026 தீபாவளிக்கு முன்னால் ஒரு வகுப்பை முடிக்க வேண்டும். செப்டம்பர் முதல் வாரம் தொடங்கலாம் என்றிருக்கிறேன். விட்ட வகுப்புக்கு ஈடு கொடுப்பதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்:

முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். "வியாழன் பேட்ச்சில் இடம் இருக்கிறதா?" என்று யாராவது கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது. "வியாழன் பேட்ச்சின் 4ஆம் பாடத்தில் இடம் இருக்கிறதா?" என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். உங்களிடம் இருப்பது மூன்று பேட்ச் இல்லை, முப்பது தனித்தனி வகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் இட எண்ணிக்கை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வையுங்கள்: செவ்வாய் 4ஆம் பாடம் T4, வியாழன் 4ஆம் பாடம் H4, சனி 4ஆம் பாடம் S4. இனி ஈடு கேட்பவர் நாளைச் சொல்லக் கூடாது, இந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். S4 விட்டவர் T4 அல்லது H4-இல் உட்காரலாம். T5-இல் உட்கார முடியாது.

ஏன் இவ்வளவு கறார் என்றால், ரவிக்கைப் பாடம் சங்கிலி மாதிரி. நீங்கள் எந்த வரிசையில் நடத்துகிறீர்கள் என்று எழுதவில்லை, வழக்கமான வரிசையையே எடுத்துக்கொள்கிறேன்: 1 மெஷின் பழக்கம், 2 அளவு எடுத்தல், 3 பேப்பர் கட்டிங், 4 துணி வெட்டுதல், 5 டார்ட்டும் முன்பாகமும், 6 பின்பாகம், கழுத்துப் பைப்பிங், 7 தோள் இணைத்துக் கை வைத்தல், 8 பக்கவாட்டுத் தையல், 9 கொக்கி, ஹெம்மிங், 10 போட்டுப் பார்த்துத் திருத்துதல். 4ஆம் பாடம் விட்டவரிடம் வெட்டிய துணி இருக்காது. 5ஆம் பாடத்தில் டார்ட் பிடிக்க அவர் எதை எடுப்பார்? அன்று முழுக்க நீங்கள் அவருக்கு மட்டும் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள், மற்ற ஏழு பேர் காத்திருப்பார்கள். அதனால் ஈடு வகுப்புக்கு இரண்டு நிபந்தனை: அதே எண் பாடமாக இருக்க வேண்டும், சொந்தப் பேட்ச்சின் அடுத்த பாடத்துக்கு முன்னால் வர வேண்டும். 9ஆம் பாடம் மட்டும் கொஞ்சம் தளர்வு. கொக்கி தைப்பதை 10க்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்தும் முடித்துவிடலாம்.

இட எண்ணிக்கையும் எல்லா வகுப்புக்கும் 8 இல்லை. 2ஆம் பாடத்திலும் 9ஆம் பாடத்திலும் மெஷினே ஓடாது. அளவு நாடாவும் கையூசியும்தான். அங்கே எல்லை நாற்காலி, மெஷின் இல்லை. உங்கள் அறையில் பன்னிரண்டு பேர் உட்கார முடிந்தால் அந்த இரண்டுக்கும் 12 என்று போடலாம். 4ஆம் பாடத்தில் நிலைமை நேர்மாறு. கட்டிங் டேபிள்தான் குறுகலான வாசல். இரண்டு டேபிள், ஆளுக்குப் பாதி டேபிள், இரண்டு முறை என்றால் சரியாக 8 பேர். ஒன்பதாவது ஆள் வந்தால் யாரோ ஒருவர் தரையில் துணியை விரித்து வெட்டுவார், கழுத்து ஒரு பக்கம் இழுத்துப்போகும். சாயங்காலம் முழுக்க அந்தக் கழுத்தைப் பற்றியே பேச வேண்டியிருக்கும்.

சரி, இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். மூன்று பேட்ச்சும் ஒரே வாரத்தில் ஒரே பாடத்தை நடத்தினால், வாரத்தின் கடைசிப் பேட்ச்காரர்களுக்குப் பின்னால் யாரும் வருவதில்லை. செவ்வாய் விட்டவருக்கு வியாழனும் சனியும் இருக்கிறது. வியாழன் விட்டவருக்குச் சனி இருக்கிறது. சனி விட்டவருக்கு? அந்தப் பாடம் ஊரிலேயே முடிந்துவிட்டது. முன்கூட்டியே சொன்னால் செவ்வாயோ வியாழனோ வந்து முன்னதாகவே படித்துவிடலாம். சனிக்கிழமை காலையில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த நாளைக் கடைசியாக வைத்தாலும் இந்தப் பிரச்சினை அந்த நாளுக்கு நகருமே தவிர மறையாது. பேட்ச்சை மாற்றி மாற்றி அடுக்குவதில் நேரத்தைச் செலவழிக்காமல், கடைசிப் பேட்ச் எது என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்கென்று தனியாக ஒரு மீட்பு வகுப்பைக் காலண்டரில் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

உங்கள் காலண்டரைப் போட்டுப் பார்த்தேன். செப்டம்பர் 1 செவ்வாய் தொடங்கினால் சனி பேட்ச்சின் 10ஆம் பாடம் நவம்பர் 7-இல் விழுகிறது. மறுநாள் ஞாயிறு, நவம்பர் 8, தீபாவளி. ஏழாம் தேதி காலை அடுப்படியை விட்டு யாரும் வர மாட்டார்கள். வியாழன் பேட்ச்சுக்கு அதைவிட மோசம். செப்டம்பர் 24 பாரம்பரிய நாள் பொது விடுமுறை, 2026-இல் அது வியாழக்கிழமை. ஒரு வாரம் தள்ளி, 10ஆம் பாடம் நவம்பர் 12-க்குப் போய்விடும். தீபாவளிக்கு ரவிக்கை என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, தீபாவளி முடிந்து நாலு நாள் கழித்துக் கடைசிப் பாடம் நடத்த முடியாது. ஆகவே ஒரு வாரம் முன்னால், ஆகஸ்ட் 25 செவ்வாய் தொடங்குங்கள். செவ்வாய் பேட்ச் அக்டோபர் 27-இல் முடியும், சனி அக்டோபர் 31-இல், வியாழன் நவம்பர் 5-இல்.

இதில் ஒரு நல்லதும் நடக்கிறது. செப்டம்பர் 24 விடுமுறையால் வியாழன் பேட்ச் ஒரு வாரம் பின்தங்குகிறது இல்லையா, அதைச் சரிக்கட்ட வேறொரு நாளில் கூடுதல் வகுப்பு வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். அந்தப் பின்தங்கல்தான் உங்களுக்கு வேண்டியது. 4ஆம் பாடம் வரைக்கும் வரிசை செவ்வாய், வியாழன், சனி. 5ஆம் பாடத்திலிருந்து வரிசை செவ்வாய், சனி, வியாழன் என்று மாறிவிடும். அதாவது T5 செப்டம்பர் 22, S5 செப்டம்பர் 26, H5 அக்டோபர் 1. சனி விட்டவருக்கு இப்போது ஐந்து நாள் கழித்து ஒரு வியாழன் காத்திருக்கிறது, அவருடைய அடுத்த சனிக்கு முன்னாலேயே. செவ்வாய்க்காரருக்குத்தான் கொஞ்சம் நெருக்கடி. T5 விட்டவர் செப்டம்பர் 26 சனிக்கிழமைக்குள் படித்தாக வேண்டும். அவருக்கு வியாழன் உதவாது, ஏனென்றால் அதற்கு முன்னாலேயே அவருடைய T6, செப்டம்பர் 29, வந்துவிடும்.

இந்த மாற்றம் உங்கள் ஊருக்கு மிகப் பொருத்தமாக அமைந்திருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமைகள் செப்டம்பர் 19-இல் ஆரம்பித்து அக்டோபர் நடுப்பகுதி வரை போகும். டர்பனில் புரட்டாசி விரதம் எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்கிறார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சனிக்கிழமைகளில் வீட்டில் பூசை, படையல், சொந்தக்காரர் வருகை என்று சனி பேட்ச்சில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு நாள் சிக்கும். முதல் புரட்டாசிச் சனியே S4, அதாவது துணி வெட்டும் நாள். விடவே கூடாத பாடம், விடுவதற்கு எல்லாக் காரணமும் உள்ள நாள். மேலும் 4ஆம் பாடத்துக்குச் சனிதான் கடைசிப் பேட்ச். ஆகவே முதல் மீட்பு வகுப்பு செப்டம்பர் 25 வெள்ளி மாலை, 4ஆம் பாடத்துக்கு மட்டும், S5-க்கு முந்தின நாள். இரண்டாவது மீட்பு வகுப்பு நவம்பர் 2 திங்கள் மாலை. அது பின்தங்கிய வியாழன்காரர்களுக்காக, H10-க்கு முன்னால். வகுப்பு நடக்கும் மண்டபத்துக்கு இப்போதே அந்த இரண்டு நாளையும் சொல்லி வையுங்கள், அக்டோபரில் போய்க் கேட்டால் கல்யாண வீட்டுக்காரர்கள் எடுத்திருப்பார்கள்.

மீட்பு வகுப்பில் ஒரே பாடம்தான் நடத்த வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். "யார் எதை விட்டார்களோ அதை வந்து முடிக்கலாம்" என்று அறிவித்தால் ஒருவர் பைப்பிங் கேட்பார், ஒருவர் கை வைக்கக் கேட்பார், ஒருவர் வெட்டவே இல்லை என்பார். எட்டுப் பேருக்கு எட்டு வகுப்பு எடுக்க நீங்கள் ஒருத்திதான். நவம்பர் 2 அன்று வேண்டுமானால் 8, 9 என்று இரண்டு பாடம் வரை அனுமதிக்கலாம். பக்கவாட்டுத் தையல் போடுபவர் மெஷினில், கொக்கி தைப்பவர் நாற்காலியில். ஒருவர் மற்றவருக்கு இடைஞ்சல் இல்லை.

இனி இடம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. மூன்று பேட்ச்சும் எட்டு எட்டாக நிரம்பியிருந்தால், ஒருவர் வராத நாளில் காலியாகும் நாற்காலிதான் இன்னொருவருக்கு ஈடு. கேட்க அழகாக இருக்கும், நடக்காது. பத்தில் ஒருவர் வரவில்லை என்று வைத்துக்கொண்டால், 24 பேரில் ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்று பேர் விடுவார்கள். அவர்கள் எல்லாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். சொன்னவர்களும் ஒருவர் இடத்தில் ஒருவர் பொருந்துகிற மாதிரி வெவ்வேறு பேட்ச்சில், வெவ்வேறு நாளில் விட வேண்டும். சொல்லாமல் வராதவரின் காலி மெஷின் வகுப்பு தொடங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் உங்களுக்கே தெரியும். அது யாருக்கும் பயன்படாத இடம்.

அதனால் பேட்ச்சுக்கு ஏழு பேரை மட்டும் சேருங்கள். எட்டாவது மெஷினை மிதக்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னதும் எல்லாரும் முகம் சுளிப்பார்கள், மூன்று பேருடைய கட்டணம் போகிறதே என்று. கணக்கைப் போடுவோம். உதாரணத்துக்கு ஆளுக்கு 1,600 ரேண்ட் என்றால் 24 பேருக்கு 38,400. அதே தொகை 21 பேரிடம் வர வேண்டுமென்றால் ஆளுக்கு ஏறக்குறைய 1,830. வித்தியாசம் 230 ரேண்ட். "நீங்கள் விட்டால் உங்களுக்கு இடம் இருக்கிறது" என்று உறுதியாகச் சொல்ல முடிகிற வகுப்புக்கு அது அதிகம் என்று நான் நினைக்கவில்லை. பழைய மெஷின் ஒன்று சும்மா கிடந்தால், அதை ஒன்பதாவதாகப் போட்டு எட்டுப் பேரையே சேர்க்கலாம். ஆனால் டேபிள் பிரச்சினை அப்படியே இருக்கும், 4ஆம் பாடத்தின் எண்ணிக்கை 8-ஐத் தாண்டக் கூடாது. நிறைய சேர்த்துவிட்டு யாராவது வராமல் இருப்பார்கள் என்று நம்புவது விமானக் கம்பெனிகளின் வழி. தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் (2008ஆம் ஆண்டின் 68ஆம் சட்டம்) அளவுக்கு மீறிப் பதிவெடுப்பதற்கென்றே 47ஆம் பிரிவு இருக்கிறது. நமக்கெதற்கு அது?

விதிகளை மிகக் குறைவாக வையுங்கள். நான் வைக்கச் சொல்வது இவ்வளவுதான். வகுப்புக்கு முந்தின நாள் நண்பகலுக்குள் வரவில்லை என்று சொன்னவர் ஈடு கேட்க முழு உரிமை உள்ளவர். அதற்குப் பிறகு சொன்னவருக்கும் ஈடு உண்டு, ஆனால் முன்கூட்டிச் சொன்னவர்களுக்குக் கொடுத்தது போக மீதி இருந்தால். சொல்லாமலே வராதவருக்குக் கிடையாது. பத்து வாரத்தில் ஆளுக்கு இரண்டு ஈடு. ஈடாகப் பதிந்த வகுப்புக்கும் வராவிட்டால் அந்த ஈடு தீர்ந்தது, அதற்கு இன்னொரு ஈடு கிடையாது. இந்தக் கடைசி விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். தளர்த்தினால் ஒரே ஆள் மூன்று வகுப்பில் மூன்று இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு எதற்கும் வராமல் இருப்பார்.

இரண்டு விலக்கு உண்டு. நீங்கள் ரத்து செய்த வகுப்பு யாருடைய கணக்கிலும் சேராது. மின்வெட்டு, மண்டபம் பூட்டியிருந்தது, உங்களுக்கு உடம்பு சரியில்லை, எதுவானாலும் அந்தப் பேட்ச் முழுவதற்கும் பாடம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். (2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது தையல் வகுப்பு நடத்தியவர்கள் 2ஆம் பாடத்தையும் 9ஆம் பாடத்தையும் கைவசம் வைத்துக்கொண்டுதான் சமாளித்திருக்க முடியும். அவற்றுக்கு மெஷின் ஓட்ட மின்சாரம் வேண்டாம்.) இரண்டாவது விலக்கு, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, முன்பதிவை ரத்து செய்பவரிடம் நியாயமான ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் பதிவு யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் இறந்துவிட்டாலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாலோ அதைப் பிடிக்கக் கூடாது. அந்த நிலையில் இருப்பவரிடம் "இரண்டு ஈடு முடிந்துவிட்டதே" என்று பேசிக்கொண்டிருக்க வேண்டாம். வராத பாடங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது அவர் விரும்பினால் அடுத்த பத்து வாரத்தில் இடம் கொடுங்கள்.

சேரும்போதே ஒரு தாள் கொடுங்கள். பத்துத் தேதியும் அச்சிட்டு, "இதில் எந்த நாள் வர முடியாது என்று இப்போதே தெரியுமா?" என்று கேளுங்கள். புரட்டாசிப் பூசை, கல்யாணம், செப்டம்பர் கடைசியில் வரும் பள்ளி விடுமுறைக்கு ஊர்ப் பயணம், இவை எல்லாம் ஆகஸ்டிலேயே தெரிந்த விஷயங்கள். முதல் நாளிலேயே அந்த இடங்கள் காலியானதாகக் கணக்கில் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் முந்தின இரவு வரும் செய்திகளில் பாதி இதனாலேயே குறையும்.

பதிவை எங்கே வைப்பது என்றால், உங்கள் அளவுக்கு ஒரு கூகுள் ஷீட் போதும், மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். மூன்று தாள். முதலாவது `Classes`: ஒரு வகுப்புக்கு ஒரு வரி, A-இல் பெயர் (S4), B-இல் தேதி, C-இல் உச்ச எண்ணிக்கை, D-இல் அந்தப் பேட்ச்சில் சேர்ந்தவர் எண்ணிக்கை. இரண்டாவது `Leave`: வரவில்லை என்றவர், எந்த வகுப்பு. மூன்றாவது `Makeup`: யார், எதை விட்டார், எங்கே வருகிறார், நிலை. `Leave`-இல் வகுப்பின் பெயர் B பத்தியிலும், `Makeup`-இல் வரும் வகுப்பின் பெயர் C பத்தியிலும், நிலை D பத்தியிலும் இருந்தால், `Classes` தாளின் E2-இல் இதை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=C2-D2+COUNTIF(Leave!B:B,A2)-COUNTIFS(Makeup!C:C,A2,Makeup!D:D,"OK")
```

உச்ச எண்ணிக்கை, அதில் சேர்ந்தவர் கழித்து, விடுப்புச் சொன்னவரைக் கூட்டி, ஏற்கெனவே உறுதியான ஈடுகளைக் கழித்தால் இன்றைய காலி இடம். இதில் சறுக்குவது பெரும்பாலும் பெயரில்தான். ஒருவர் S4 என்றும் இன்னொருவர் S 4 என்றும் எழுதினால் எண்ணிக்கை தப்பிவிடும், ஷீட் எந்த எச்சரிக்கையும் தராது. அந்தப் பத்திகளுக்கு டிராப்-டவுன் போட்டுவிடுங்கள்.

கோரிக்கை வருவதற்கு ஒரு கூகுள் ஃபார்ம் வையுங்கள். ஆனால் ஃபார்மை நிரப்பியதாலேயே இடம் கிடைத்ததாக ஆகாது. எட்டாவது ஆள் நிரப்பினதும் அந்தத் தேர்வு தானாக மூடிக்கொள்ளும் வசதி கூகுள் ஃபார்மில் இயல்பாக இல்லை. கடைசி ஓர் இடத்துக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் உள்ளே வந்துவிடும். ஆகவே ஃபார்மில் வருவது கோரிக்கை மட்டும். நீங்கள் E பத்தியைப் பார்த்துவிட்டு `OK` என்று எழுதி, செய்தி அனுப்பிய பிறகுதான் அது இடம். குழப்பத்துக்கு முக்கியக் காரணம் உங்கள் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது: தனிச் செய்தியில் ஒருவருக்கு, குழுவில் ஒருவருக்கு, வகுப்பு முடிந்து காருக்குப் போகும்போது வாய்வழியாக ஒருவருக்கு என்று மூன்று வழியில் "சரி" சொல்லியிருப்பீர்கள். ஒரே வழி போதும். வாயால் கேட்டவரிடமும் "ஃபார்மில் போட்டுவிடுங்கள் அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

இரண்டு பேர் ஓர் இடத்துக்கு நின்றால் முதலில் கேட்டவருக்கு என்பது சுலபம், ஆனால் எப்போதும் சரி இல்லை. இது போனால் வேறு வகுப்பே இல்லாதவருக்கு முன்னுரிமை கொடுங்கள். T4 விட்டவருக்கு H4, S4 இரண்டும் இருக்கும்போது, H4 விட்டவருக்கு S4 மட்டும்தான் இருக்கிறது. S4-இன் கடைசி இடம் இரண்டாமவருக்கு, முதலாமவர் H4-க்குப் போகலாம்.

இதெல்லாம் சேர்ந்து எப்படி ஓடும் என்று 4ஆம் பாடத்தை வைத்தே பார்ப்போம். T4 செப்டம்பர் 15, H4 17, S4 19. மூன்றிலும் ஏழு பேர், காலி இடம் ஒவ்வொன்று. சனி பேட்ச்சில் ஒருவர் ஆகஸ்டிலேயே செப்டம்பர் 19 பூசை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நொடியே S4-இல் காலி 2. அவர் 3ஆம் பாடத்தை செப்டம்பர் 12-இல் முடித்துவிடுவார், அதனால் T4, H4 இரண்டுக்கும் தகுதி உண்டு. வேலை முடிந்து வர வியாழன் வசதி என்று H4 கேட்கிறார், `OK`. H4-இல் காலி 0.

செப்டம்பர் 14 அன்று வியாழன்காரர் ஒருவர் 17-இல் வர முடியாது என்கிறார். H4-இல் காலி மறுபடியும் 1. அவருக்கு மிச்சம் இருப்பது S4 மட்டும், அதில் 2 காலி. `OK`, S4-இல் காலி 1. செப்டம்பர் 16 காலையில் முதலாமவர் திரும்ப வருகிறார்: பூசையை அடுத்த சனிக்கு மாற்றிவிட்டோம், என் பழைய இடத்துக்கே வருகிறேன் என்கிறார். அவருடைய பழைய இடம் என்று தனியாக எதுவும் இல்லை, விட்டது விட்டதுதான். ஆனால் S4-இல் ஓர் இடம் இருக்கிறது, கொடுக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் அவருக்கு S4-ஐ உறுதி செய்துவிட்டு, பிறகு H4-ஐ நீக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால், நீங்கள் H4-ஐ நீக்கிவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் S4-ஐ வேறொருவருக்குக் கொடுத்திருப்பீர்கள், அவருக்கு இரண்டும் இல்லாமல் போகும். அவருடைய வரியை `Leave`-இல் இருந்து அழித்தால் போதும், S4 காலி தானாக 0 ஆகிவிடும். `Makeup`-இல் இருந்த H4 வரியையும் எடுத்துவிடுங்கள். நேரத்துக்குச் சொன்னார், அதனால் ஓர் ஈடு செலவானதாகக் கணக்கில் எழுத வேண்டாம். ஆனால் பூசை செப்டம்பர் 26-க்குப் போய்விட்டது, S5-க்கு அவர் வர மாட்டார். அதையும் அதே மூச்சில் கேட்டு `Leave`-இல் எழுதிவிடுங்கள். வியாழன் பின்தங்கியதன் பலன் இங்கே தெரியும்: அவருக்கு அக்டோபர் 1 வியாழன், H5, இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு செய்தி: பிள்ளைக்குக் காய்ச்சல், வர முடியவில்லை. தாமதமாகச் சொன்னவர், 4ஆம் பாடத்துக்குப் பிறகு பேட்ச்சும் இல்லை. அவருக்கு செப்டம்பர் 25 வெள்ளி மீட்பு வகுப்பு. அதில் எட்டு இடம், முன்கூட்டிச் சொன்னவர்கள் யாரும் வரிசையில் இல்லை, அதனால் உடனே கொடுக்கலாம். மறுநாள் S5-க்கு வெட்டிய துணியோடு வந்துவிடுவார். புதன்கிழமை வரை மீட்பு வகுப்புக்கு யாருமே பதியவில்லை என்றால் மண்டபத்துக்குச் சொல்லி ரத்து செய்துவிடுங்கள், ஒருவர் இருந்தாலும் நடத்துங்கள். தனி ஒருவருக்குத் துணி வெட்டக் கற்றுக்கொடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஈடு வகுப்புக்கு வருபவர் வேறு பேட்ச்சில் புதிய முகம். அவருடைய ரவிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கு நினைவிருக்காது, மூன்று பேட்ச்சின் துணியும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒவ்வொருவரின் பேப்பர் கட்டிங்கையும் துணியையும் ஒரு கவரில் போட்டு, மேலே பெயர், அளவு, முடித்த பாடத்தின் எண்ணை எழுதச் சொல்லுங்கள். கவர் அவரோடு வீட்டுக்குப் போகட்டும், மண்டப அலமாரியில் வைக்க வேண்டாம். வியாழன் மாலை ஈடுக்கு வந்தவரின் துணி சனிக்கிழமைக்காரர்களின் அலமாரியில் பூட்டியிருந்தால் அந்த ஈடு வீண்.

மூன்று பாடமும் அதற்கு மேலும் விட்டவர்களை என்ன செய்வது என்றும் நீங்கள் அடுத்து கேட்பீர்கள். 2 முதல் 8 வரையிலான பாடங்களில் மூன்று போனால் அவரால் தீபாவளிக்குள் முடிக்க முடியாது. 6ஆம் பாடம் நெருங்கும்போதே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த பத்து வாரத்தில் விட்ட இடத்திலிருந்து சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். அப்படி மாற்றினால் மீதமுள்ள பாடங்களில் அவருடைய மெஷின் காலியாகும். `Classes` தாளில் அந்தப் பேட்ச்சின் D எண்ணை, மிச்சமிருக்கும் பாடங்களுக்கு மட்டும், 7-லிருந்து 6 ஆக்குங்கள். முடிந்துபோன பாடங்களின் வரிகளைத் தொட வேண்டாம். அடுத்த பத்து வாரத்திலும் அவர் சேரும் பாடத்திலிருந்துதான் D-இல் ஏற வேண்டும். ஆனால் அந்தப் பேட்ச்சில் ஏழாவது ஆளைச் சேர்ப்பதற்கு முன்னால் அவருக்கான இடத்தை எடுத்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் வந்து நிற்கும் வாரத்தில் மிதக்கும் மெஷின் அவருக்கே போய்விடும், அந்தப் பேட்ச்சில் கடைசி வரை ஒருவருக்கும் ஈடு கொடுக்க முடியாது.